எந்த வயது, எந்தத் தேதி, எவ்வளவு பணம்?

ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் சம்மர் கேம்ப் போஸ்டர்கள் வரிசையாக வந்து விழும். அவற்றில் ஓவிய முகாமுக்கென்று வருகிற கேப்ஷன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“சம்மர் ஆர்ட் கேம்ப்! உங்கள் குழந்தையின் கற்பனைக்குச் சிறகு கொடுங்கள்! 4 முதல் 16 வயது வரை. மே முதல் வாரம் ஆரம்பம். காலை, மாலை பேட்ச் உண்டு. மிகக் குறைந்த கட்டணம். சில சீட்டுகளே உள்ளன. விவரங்களுக்கு அழைக்கவும்.”

எழுதியவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் இதைப் படிக்கிற அம்மாவால் எதையும் முடிவு செய்ய முடியாது. இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் போனை எடுக்கிறவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றுதான். என் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? நாங்கள் ஊரில் இருக்கிற நாட்களில் நடக்கிறதா? மொத்தத்தில் எவ்வளவு ஆகும்? மேலே உள்ள கேப்ஷனில் இந்த மூன்றுக்கும் பதில் இருப்பதுபோல் தெரியும். தேடினால் ஒன்றுக்கும் இருக்காது. அந்த நேரத்தில் யாரும் போன் போட்டுக் கேட்கப்போவதில்லை. அடுத்த போஸ்டருக்குப் போய்விடுவார்கள்.

இதை வெறும் எழுத்துப் பிழையாக நான் பார்க்கவில்லை. கேப்ஷனில் ஒரு வரி மங்கலாக இருந்தால், பெரும்பாலும் முகாமிலும் அந்த இடம் இன்னும் முடிவாகவில்லை என்றுதான் பொருள். யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்காதவர் “4 முதல் 16” என்று எழுதுகிறார். செலவுக் கணக்கு போடாதவர் “மிகக் குறைந்த கட்டணம்” என்று எழுதுகிறார். அதனால் கேப்ஷனைச் சரியாக எழுத உட்கார்ந்தால் முகாமும் சேர்ந்தே சரியாகிவிடும். பாளையங்கோட்டையில் ஓர் ஓவிய ஆசிரியை 2026 மே மாதத்துக்கு ஒரு முகாம் நடத்துவதாக வைத்துக்கொண்டு, அவருடைய கேப்ஷனை வரிவரியாக எழுதிப் பார்ப்போம்.

முதலில் வயது. நான்கு வயதுக் குழந்தையும் பதினாறு வயதுப் பையனும் ஒரே அறையில் உட்கார்ந்து வரைய முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதையும் பத்து வயதையும் ஒன்றாக உட்கார வைக்கலாமா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இதற்கு விடை குழந்தைகள் வரைகிற படத்திலேயே இருக்கிறது.

ஆறு வயதுக் குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து “உங்க வீட்டை வரை” என்று சொல்லிப் பாருங்கள். தாளின் அடியில் ஒரு பச்சைக் கோடு இழுக்கும். அதுதான் தரை. மேலே ஒரு நீலப் பட்டை, அதுதான் வானம். இரண்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளை. வீடு, மரம், அம்மா, நாய் எல்லாம் அந்தப் பச்சைக் கோட்டின்மேல் வரிசையாக நிற்கும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பார். சுவருக்குள் இருக்கிற கட்டிலும் டிவியும்கூட வெளியிலிருந்து தெரியும். அதில் தவறு இருப்பதாகக் குழந்தைக்குத் தோன்றாது. ஒரு படம் முடிந்ததும் “மிஸ், அடுத்த பேப்பர்” என்று கையை நீட்டும்.

அதே வேலையைப் பத்து வயதுப் பெண்ணிடம் கொடுத்தால் நடப்பதே வேறு. முதல் பத்து நிமிடம் ரப்பரால் அழிப்பதிலேயே போய்விடும். கதவு கோணலாக இருக்கிறது, மரம் நிஜ மரம்போல் இல்லை, “எனக்கு வரலை மிஸ்” என்று தாளைக் கையால் மறைத்துக்கொள்வாள். பக்கத்துப் பிள்ளை எப்படி வரைகிறது என்று எட்டிப் பார்ப்பாள். நிழல் எப்படிப் போடுவது, தூரத்தில் உள்ளதை எப்படிச் சிறியதாகக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்வாள். அதையே ஆறு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அது காதிலேயே ஏறாது.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவியக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தைப் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். ஏறத்தாழ ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான வடிவம் வைத்துக்கொண்டு குழந்தை வரைகிறது. ஒன்பது வயதை ஒட்டி, படம் நிஜம்போல் இருக்க வேண்டும் என்ற ஆசையும் அது வரவில்லையே என்ற கூச்சமும் சேர்ந்து வருகின்றன. எல்லாக் குழந்தைக்கும் இது ஒரே நாளில் நடப்பதில்லை; ஓராண்டு முன்பின்னாக இருக்கும். ஆனால் முகாமைப் பிரிப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சேர்த்து உட்கார வைத்தால் சின்னவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். பெரியவர்களோ, சின்னப் பிள்ளைகளோடு போட்டுவிட்டார்கள் என்று மறுநாள் வர மறுப்பார்கள்.

ஆகவே நம் ஆசிரியை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார். 5 முதல் 8 வயது வரை சின்னவர் குழு. வெண்டைக்காய் அச்சு, இலை அச்சு, விரல் வண்ணம், களிமண் பொம்மை, கிரேயான். 9 முதல் 13 வரை பெரியவர் குழு. பென்சில் நிழல், வாட்டர் கலர், மொசைக். சின்னவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், வாட்டர் கலர் காய்வதற்கே நேரம் போய்விடும். நான்கு வயதுக் குழந்தையைச் சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்கிறார். கத்தரிக்கோலைப் பிடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் ஆள் துணை வேண்டும். அவரிடம் இருப்பது ஒரே ஒரு உதவியாளர்.

இதோடு வயது முடிந்தது என்று நினைத்தால் முதல் போன் வரும். “மிஸ், எங்க பையனுக்கு எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்கு. அவன எதுல சேக்க?” நம் ஊரில் வயதைச் சொல்வதில் இந்த இரண்டு கணக்கும் உண்டு. “ஒம்பது நடக்கு” என்பவரின் பிள்ளை எட்டு வயதுக்காரன்தான். வகுப்பை வைத்துப் பிரித்தாலும் இந்தக் குழப்பம் தீராது. மே மாதத்தில் “நாலாம் வகுப்பு” என்றால் நாலாம் வகுப்பு முடித்தவனா, ஜூனில் நாலாம் வகுப்புக்குப் போகிறவனா என்று ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு தேதியைச் சொல்லி, அன்று நிறைவடைந்திருக்க வேண்டிய வயது இது என்று எழுதுவதுதான் தகராறு இல்லாத வழி. “ஏப்ரல் 30 அன்று முடிந்திருக்க வேண்டிய வயது” என்று ஒரு வரி சேர்த்தால் எட்டு முடிந்து ஒன்பது நடக்கிற பையன் எங்கே என்பதற்கு விடை கிடைத்துவிடும்: சின்னவர் குழு.

அடுத்து தேதி. கேப்ஷன்களில் அதிகமாகக் குழம்புவது இங்கேதான், அதற்குக் காரணம் பேட்ச் என்ற சொல்லை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவது. காலை பேட்ச், மாலை பேட்ச் என்று நேரத்துக்கும் சொல்கிறோம். முதல் பேட்ச், இரண்டாம் பேட்ச் என்று தேதிக்கும் சொல்கிறோம். “2 பேட்ச் உண்டு” என்று எழுதினால், ஒரே வாரத்தில் காலையும் மாலையும் என்று ஒருவர் நினைப்பார். மே தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இன்னொருவர் நினைப்பார். இருவரும் பணம் கட்டிவிட்ட பிறகுதான் இது தெரியவரும். நம் ஆசிரியை பேட்ச் என்பதைத் தேதிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். நேரம் வருகிற இடத்தில் “காலை”, “மாலை” என்பதோடு குழுவின் பெயரை எழுதுகிறார்.

“மே 4 முதல் 5 நாள்” என்பதும் போதாது. சனி, ஞாயிறு உண்டா? நடுவில் ஒரு நாள் விடுமுறையா? தொடங்கும் தேதி, முடியும் தேதி, இரண்டுக்கும் கிழமை, ஆண்டு ஆகிய நான்கும் வேண்டும். 2026 மே 4 திங்கள்கிழமை, மே 8 வெள்ளிக்கிழமை. கிழமையைச் சேர்த்து எழுதுவதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: தேதியைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எண் மாறிப்போனால் கிழமை பொருந்தாது, எழுதியவரோ படிக்கிறவரோ உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டை விட்டுவிட்டால் இதைவிடத் தொல்லை. சென்ற ஆண்டு போஸ்டர் இந்த ஆண்டும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும், யாராவது நல்லெண்ணத்தில் ஃபார்வர்டு செய்வார்கள், பழைய கட்டணத்தைப் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள்.

எந்த வாரத்தில் வைப்பது என்பதற்கும் உள்ளூர்க் கணக்கு உண்டு. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். பகல் பன்னிரண்டு மணிக்குமேல் குழந்தையை அழைத்துவரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். அதனால் சின்னவர்களுக்குக் காலை பத்திலிருந்து பதினொன்றரை, பெரியவர்களுக்கு மாலை நான்கிலிருந்து ஆறு. மே மாதத்தில் பாதிக் குழந்தைகள் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகாத வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. ஒரே முகாமை இரண்டு வாரங்களில் திரும்ப நடத்துவதற்கு இதுதான் காரணம், நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. இதே முகாம் மதுரையில் நடப்பதாக இருந்தால் முதலில் சித்திரைத் திருவிழா தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பேட்ச் குறிக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு பேட்ச் வைக்கலாம் என்ற ஆசையும் சிலருக்கு வரும், பள்ளி திறப்பு தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில். தமிழகத்தில் அது உண்மையிலேயே தள்ளிப்போனது உண்டு. 2023-ல் வெயிலால் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று தள்ளிவைத்தார்கள். 2024-ல் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆனது. ஆனால் 2025-ல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தள்ளிப்போகுமா என்பது மே கடைசியில்தான் தெரியவரும், கேப்ஷனோ ஏப்ரலிலேயே போய்விடும். தவிர, மே கடைசி வாரம் சீருடை, நோட்டுப் புத்தகம் வாங்கும் வாரம். ஆசிரியை இரண்டாம் பேட்சை மே 22-இல் முடித்துக்கொள்கிறார்.

இனி கட்டணம். “கட்டணத்துக்கு இன்பாக்ஸ் வரவும்” என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தொகையைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள், நேரில் பேசினால் சம்மதிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. தொகை கட்டுப்படியாகாதவர் பேசினாலும் சேரமாட்டார். கட்டுப்படியாகிறவர்களில் பாதிப்பேர் கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுவார்கள். கேட்டவருக்குத் தகுந்தாற்போல் தொகை மாறுகிறதோ என்ற சந்தேகமும் வரும், சின்ன ஊரில் அந்தச் சந்தேகம் வேகமாகப் பரவும்.

தொகையைத் தைரியமாக எழுத வேண்டுமென்றால் அது எப்படி வந்தது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆசிரியையின் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு ஒரு பேட்சில் 12 குழந்தைகள். மாடி ஹாலுக்கு அந்த நேரத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு 800 ரூபாய், உதவியாளருக்கு 400. ஐந்து நாளைக்கு 6,000. எத்தனை குழந்தைகள் வந்தாலும் இந்தச் செலவு மாறாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஸ்கெட்ச் புக், ஆயில் பேஸ்டல், பிரஷ், வண்ணம், களிமண் எல்லாம் சேர்ந்து 400. பிஸ்கட், மோர் என்று ஐந்து நாளைக்கு 100. கட்டணம் 1,500 என்றால் ஒரு குழந்தையால் கையில் நிற்பது 1,000 ரூபாய். முதல் ஆறு குழந்தைகள் ஹாலுக்கும் உதவியாளருக்குமே சரியாகப் போய்விடுவார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்தால் ஆசிரியைக்கு மிஞ்சுவது 6,000. எட்டுப் பேர் என்றால் 2,000. அதற்குக் கீழே போனால் அவர் ஐந்து நாள் உழைப்பதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கிலிருந்து கேப்ஷனுக்கு இரண்டு வரிகள் தாமாகவே வந்துவிடுகின்றன. ஒன்று, “ஒரு குழுவில் 12 பேர் மட்டும்”. “சில சீட்டுகளே உள்ளன” என்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் எண் இருக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டுவதும், முதலில் ஒரு தொகை சொல்லிவிட்டுப் பணம் கட்டும்போது கூடுதல் சேர்ப்பதும் வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்திகள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பட்டியலிட்டிருக்கிறது. விற்பவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் சேர்த்துத்தான் அவை.

இரண்டாவது வரியைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள்: “8 பேர் சேராவிட்டால் அந்தக் குழு நடக்காது, முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.” ஆள் சேராதோ என்ற பயம் வெளியே தெரிந்துவிடும் என்று நினைப்பார்கள். பெற்றோர் அதை அப்படிப் படிப்பதில்லை. பணம் எங்கே போகும் என்பதற்கு எழுத்தில் ஒரு பதில் கிடைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தேதிக்குள் சொல்லிவிடுவீர்கள் என்பதையும் சேர்க்க வேண்டும், அவர்கள் வேறு வகுப்பு தேட நாள் வேண்டாமா?

தொகைக்குப் பக்கத்தில் அது எதற்கு என்பதும் வர வேண்டும். 1,500 என்பது ஒரு குழந்தைக்கா, ஒரு வாரத்துக்கா, இரண்டு பேட்சுக்கும் சேர்த்தா? “பொருட்கள் உட்பட” என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பொருட்களை அங்கே பயன்படுத்தக் கொடுப்பார்கள் என்று ஆசிரியை நினைத்திருப்பார். வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று குழந்தை நினைத்திருக்கும். கடைசி நாளில் ஆயில் பேஸ்டல் பெட்டியைத் திரும்ப வாங்கி வைத்தால் அந்தக் குழந்தையின் முகம் எப்படி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஆசிரியை ஸ்கெட்ச் புக், ஆயில் பேஸ்டல், பிரஷ் மூன்றும் குழந்தைக்கே என்று எழுதிவிடுகிறார். அண்ணன் தங்கை சேர்ந்து வந்தால் சலுகை உண்டு என்றால், சதவீதம் போடாமல் இரண்டாவது குழந்தைக்கு ரூ.1,350 என்று தொகையாகவே எழுதுவது நல்லது. அதை அப்பா போனிலேயே கூட்டிப் பார்த்துவிடுவார்.

எல்லாம் முடிவாகிவிட்டது, இப்போது இதை எந்தத் திரையில் எப்படி வைப்பது? இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷன் 2,200 குறிகள் வரை போகலாம். ஆனால் தட்டித் திறக்காமலே கண்ணில் படுவது முதல் இரண்டு வரி அளவுதான், ஏறத்தாழ 125 குறிகள். தமிழில் எழுதுகிறவருக்கு இதிலும் ஒரு நெருக்கடி. கணினிக் கணக்கில் நம் உயிர்மெய் எழுத்துகள் பலவும் இரண்டு குறிகள். “ஓவியம்” நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஆறு. ஆகவே “உங்கள் குழந்தையின் கற்பனைக்குச் சிறகு கொடுங்கள்” என்று தொடங்கினால் திறக்காமல் தெரிகிற இடத்தில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். சிறகு வேண்டுமென்றால் கீழே வரட்டும். முதல் வரியில் ஊர், வயது, தேதி, தொகை என்று நான்கும் இருக்க வேண்டும்:

“பாளையங்கோட்டையில் 5–13 வயதுக் குழந்தைகளுக்கு ஓவிய முகாம். மே 4–8, மே 18–22. கட்டணம் ரூ.1,500.”

இடைவெளிகளையும் சேர்த்து இது நூறு குறிகளுக்குள் அடங்கிவிடுகிறது. திறக்காமல் கடந்துபோகிறவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

படத்தில் எதை வைப்பது, கேப்ஷனில் எதை வைப்பது என்பதற்கும் ஒரு நல்ல வழி உண்டு. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனைப் பிறகு திருத்தலாம், போட்ட படத்தை மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், அதற்குள் யாராவது ஃபார்வர்டு செய்துவிட்டால் அந்தப் பிரதி நம் கையில் இல்லை. அதனால் மாறாத வயது, தேதி, தொகை மூன்றும் படத்திலும் இருக்க வேண்டும், கேப்ஷனிலும் இருக்க வேண்டும். படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. இடம் நிரம்பியது, இன்னும் எத்தனை பேர் என்பது போன்ற மாறுகிற விஷயம் கேப்ஷனில் மட்டும். போஸ்டரில் குழந்தைகளின் முகம் தெரிகிற படம் வேண்டாம் என்பேன். அது எத்தனை கை மாறிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு குழந்தைகள் வரைந்த படமோ, வண்ணம் பூசிய கைகளோ போதும்.

வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லைத் தடிமனாக்க இரு பக்கமும் நட்சத்திரக் குறி போடுகிறோம். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அது தடிமனாகாது. அதை அப்படியே எடுத்து இன்ஸ்டாகிராமில் ஒட்டினால் நட்சத்திரங்கள் மட்டும் நின்று அசிங்கமாகத் தெரியும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடுகிற இணைப்பைத் தட்டினாலும் திறக்காது. வாட்ஸ்அப் இணைப்பை அங்கே முகப்புக் குறிப்பில் வைக்க வேண்டும். அதன் வடிவம் இது, 91-க்குப் பிறகு உங்கள் பத்து இலக்க எண்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

பணம் கட்டுகிற இடத்தில் ஒரு சின்ன விஷயம். யுபிஐயில் எண்ணைப் போட்டதும் திரையில் ஒரு பெயர் வரும். முகாமின் பெயர் ஒன்றாகவும் கணக்கு ஆசிரியையின் கணவர் பெயரிலும் இருந்தால், பணம் அனுப்ப வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். திரையில் என்ன பெயர் வரும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் இருக்காது. குறிப்புப் பெட்டியில் குழந்தையின் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். யார் கட்டியது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்து முழுக் கேப்ஷன் இப்படி வருகிறது:

“பாளையங்கோட்டையில் 5–13 வயதுக் குழந்தைகளுக்கு ஓவிய முகாம். மே 4–8, மே 18–22. கட்டணம் ரூ.1,500.

சின்னவர் குழு (5–8 வயது): காலை 10.00–11.30. காய்கறி அச்சு, விரல் வண்ணம், களிமண்.
பெரியவர் குழு (9–13 வயது): மாலை 4.00–6.00. பென்சில் நிழல், வாட்டர் கலர், மொசைக்.
2026 ஏப்ரல் 30 அன்று முடிந்திருக்க வேண்டிய வயது இது.

பேட்ச் 1: 2026 மே 4 திங்கள் முதல் மே 8 வெள்ளி வரை.
பேட்ச் 2: 2026 மே 18 திங்கள் முதல் மே 22 வெள்ளி வரை.
இரண்டிலும் ஒரே பாடம்தான். ஏதாவது ஒன்றில் சேர்ந்தால் போதும்.

கட்டணம் ஒரு குழந்தைக்கு, ஒரு பேட்சின் ஐந்து நாளுக்கும் சேர்த்து ரூ.1,500. உடன்பிறந்த இரண்டாவது குழந்தைக்கு ரூ.1,350. எல்லாப் பொருட்களும் இதில் அடங்கும். ஸ்கெட்ச் புக், ஆயில் பேஸ்டல், பிரஷ் குழந்தைக்கே. பழைய சட்டை ஒன்று மட்டும் கொண்டுவரவும்.

ஒரு குழுவில் 12 பேர் மட்டும். பேட்ச் தொடங்க மூன்று நாள் முன்புவரை 8 பேர் சேராவிட்டால் அந்தக் குழு நடக்காது. அன்றே தெரிவித்து முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.

இடம்: (தெரு, அருகில் உள்ள அடையாளம்). சேர: (வாட்ஸ்அப் எண்). யுபிஐ திரையில் வரும் பெயர்: (கணக்குப் பெயர்).”

“இரண்டிலும் ஒரே பாடம்தான்” என்ற வரியைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டாவது பேட்ச் முதலாவதின் தொடர்ச்சி என்று நினைத்துச் சிலர் இரண்டுக்கும் பணம் கட்டுவார்கள்; இரண்டாம் பேட்ச் முதல் நாளில் அதே வெண்டைக்காயைப் பார்த்துக் குழந்தை சலித்துக்கொள்ளும். முதல் கேப்ஷனைவிட இது நீளம்தான். ஆனால் முதல் வரியிலேயே ஒருவர் தனக்குப் பொருந்துமா என்று முடிவு செய்துவிடலாம், பொருந்துகிறவர்தான் கீழே படிக்கப்போகிறார், அவருக்கு இது நீளமாகத் தெரியாது.

காலாண்டு விடுமுறைக்கோ அரையாண்டு விடுமுறைக்கோ முகாம் நடத்துகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும், நாட்கள் குறைவு என்பதால் ஒரு பேட்சோடு நிறுத்திக்கொள்ளலாம். கேப்ஷனைப் போடுவதற்கு முன் ஓவியத்தோடு சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு நிமிடம் காட்டுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு, எட்டு முடிந்து ஒன்பது நடக்கிற பையன் எந்தக் குழு, இரண்டாவது பேட்ச் என்றைக்கு முடிகிறது, இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். சின்னவர் குழு, மே 22, ரூ.2,850 என்று மூன்றும் சரியாக வந்தால் அனுப்பலாம். ஒன்று தவறினாலும் அந்த வரியைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.